விளம்பரத்தில் 20, நம்ம ரோட்டில் 13: கார் வாங்கும் முன்பே உண்மையான மைலேஜைக் கணக்குப் போடுவது எப்படி?

[திரையில்: கார் விளம்பரம். கீழே பொடி எழுத்தில் ஓடும் வரி பெரிதாகிறது]

இந்தப் பொடி எழுத்தை யாராவது படித்திருக்கிறீர்களா? 'மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 115-ன்படி சோதனை நிறுவனம் சான்றளித்த அளவு' என்கிற மாதிரி இருக்கும். மேலே கொட்டை எழுத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர். காரை வாங்கி மூணு மாசம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் 13, 14 வருகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "நீங்க ஓட்டுற விதம் சார்" என்பார்கள். எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது, கொஞ்சம் கோபமாகத்தான் வந்தது. அப்புறம் அந்த 20 எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, அது பொய்க் கணக்கு இல்லை, ஆனால் நம்முடைய கணக்கும் இல்லை.

நம் நாட்டில் இந்தச் சோதனையைச் செய்வது புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள். காரை ரோட்டில் ஓட்டுவதில்லை. ஒரு அறைக்குள் உருளைகள் மேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, அங்கேயே ஓட்டுவார்கள். காற்றின் எதிர்ப்பு, டயரின் உராய்வு எல்லாம் எவ்வளவு இருக்கும் என்று தனியாக அளந்து, அந்தச் சுமையை உருளைகள் வழியாகக் காருக்குக் கொடுப்பார்கள். டிரைவர் முன்னால் ஒரு திரை இருக்கும், அதில் ஓடும் கோட்டின்படி வேகத்தை ஏற்றி இறக்க வேண்டும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பெட்ரோல் எவ்வளவு செலவானது என்று டேங்கைப் பார்ப்பதே இல்லை. சைலன்சர் வழியாக வரும் புகையைப் பிடித்து, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், அதனால் கணக்கு துல்லியமாகவே வரும். அளவிடும் முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எதை அளக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

[திரையில்: வேகம்–நேரம் வரைபடம். நாலு தடவை திரும்பத் திரும்ப வரும் சிறிய மேடுகள், கடைசியில் ஒரு பெரிய மேடு]

இதுதான் எம்ஐடிசி, திருத்தப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி. ஐரோப்பாவில் பழைய காலத்தில் இருந்த சோதனையை எடுத்து, அதன் உச்ச வேகத்தை 120-லிருந்து 90-க்குக் குறைத்து நமக்குத் தைத்த சட்டை. மொத்தம் 1180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பகுதி நகரம், ஒரே மாதிரியான ஓட்டத்தை நாலு தடவை ஓட்டுவார்கள். இரண்டாவது பகுதி வெளிச்சாலை.

முதல் பகுதியில் கார் பூஜ்யத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரம் 26 விநாடி. நாளைக்கு சிக்னலில் பச்சை விழுந்ததும் மனசுக்குள் 26 வரை எண்ணிக்கொண்டே வண்டியின் வேகத்தை 50-க்கு ஏற்றிப் பாருங்கள், பின்னால் வரும் ஆட்டோக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார். இவ்வளவு மெதுவாக ஏற்றினால் டர்போ இன்ஜினில், கூடுதல் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் அந்த டர்போவுக்கு வேலையே வராது, அதனால்தான் சின்ன டர்போ பெட்ரோல் கார்கள் சோதனையில் நன்றாக வந்துவிட்டு ரோட்டில் அதிகமாகச் சறுக்குகின்றன.

அடுத்தது கலவை. இந்தச் சோதனையில் நகரப் பகுதி வெறும் நாலு கிலோமீட்டர், வெளிச்சாலைப் பகுதி ஏறத்தாழ ஆறரை. ஆக மொத்தத் தூரத்தில் பாதிக்கும் மேல் கார் தடையில்லாமல் ஓடுகிறது. தினமும் ஆபீஸ் போய் வருபவருக்கு இது அப்படியே தலைகீழ்.

அப்புறம் ஏசி. சோதனையில் ஏசி போடுவதில்லை. அமெரிக்காவில் 2008 மாடல் வண்டிகளிலிருந்து, ஸ்டிக்கரில் போடும் மைலேஜுக்கு 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போட்டு ஓட்டும் சோதனையையும் கணக்கில் சேர்க்கிறார்கள். சென்னைக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

ஏசி விஷயத்தில் நிறைய பேர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. 'ஏசி போட்டால் மைலேஜ் பத்து சதவீதம் குறையும்' என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிட முடியாது. ஏசி கம்ப்ரசர் பெட்ரோல் குடிப்பது கிலோமீட்டர் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். உதாரணத்துக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு ஏசி செலவு 0.8 லிட்டர், ஆனால் நெரிசலில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதே 100 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர். சிக்னலில் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் இன்ஜினுக்கும் இதே கதைதான். அதனால் உங்கள் மைலேஜை முடிவு செய்வதில் பெரிய பங்கு உங்கள் சராசரி வேகத்துக்கு. காரை வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துகொள்ள முடிந்த எண் இது, ஆனால் இதை யாரும் கேட்பதே இல்லை.

[திரையில்: இ20 என்று எழுதிய பெட்ரோல் பம்ப்]

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பெட்ரோலில் அது 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட 6, 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது, முன்பு போட்டுக்கொண்டிருந்த இ10-உடன் ஒப்பிட்டால் அதில் பாதிதான். 20 வர வேண்டியது 13 ஆனதற்கு முழுப் பழியையும் இதன் மேல் போட முடியாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். தாம்பரத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் ஆபீஸ், போக 18 கிலோமீட்டர், வர 18. காலையில் 50 நிமிடம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் சராசரி வேகம் மணிக்கு இருபதுக்கும் கீழே. மாதம் 22 நாள், சுமார் 800 கிலோமீட்டர் நகர ஓட்டம். மாதம் ஒரு தடவை விழுப்புரம் போய் வந்தால் அங்கே சுற்றுவதையும் சேர்த்து 300. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் எதுவாக இருந்தாலும் இந்த 800-ம் 300-ம் மாறப்போவதில்லை.

அடுத்து, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் காரை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். 'மைலேஜ் எவ்ளோ கொடுக்குது?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஊருக்குப் போன அன்று வந்த பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள். மீட்டர் போர்டில் சராசரி மைலேஜும் சராசரி வேகமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கேளுங்கள். அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் இருக்க வேண்டும், மேனுவல்காரர் சொன்னதை ஆட்டோமேட்டிக்குக்குப் பொருத்தக் கூடாது. சராசரி வேகம் 18, 20 என்று காட்டும் போட்டோவில் இருப்பது உங்கள் நகர எண், 60-ஐ ஒட்டிக் காட்டினால் அது உங்கள் ஹைவே எண். ஒன்று ஞாபகம் வையுங்கள், ஹைவேயில் நீங்கள் 90-ல் போகிறவரா 110-ல் போகிறவரா என்பது பெரிய விஷயம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், 90-லிருந்து 110-க்குப் போனாலே அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

மீட்டர் போர்டை அப்படியே நம்பவும் வேண்டாம், உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் கார்கள் உண்டு. ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை கணக்கு வைத்திருப்பவர் கிடைத்தால் அவர் சொல்வதற்குத்தான் மதிப்பு அதிகம். அதிலும் 10 லிட்டர் போட்டு எடுத்த கணக்கை ஏற்காதீர்கள். பம்ப் ஆட்டோ கட் ஆகும் இடம் ஒரு லிட்டர் முன்னே பின்னே இருந்தாலே பத்து சதவீதம் தப்பாகிவிடும். 35 லிட்டர் போட்டிருந்தால் அதே பிழை மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

டெஸ்ட் டிரைவையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஷோரூம் வாசலிலிருந்து பாலத்தைச் சுற்றி வரும் ஐந்து நிமிட ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஏசியை 24-ல் வைத்து, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, ஆபீஸ் போகும் நேரத்தில் ஆபீஸ் போகும் வழியில் ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் பிடிவாதமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

[திரையில்: எழுதி எழுதிக் காட்டும் கணக்கு]

இப்படி விசாரித்ததில் 20 என்று விளம்பரம் செய்த சின்ன எஸ்யூவிக்கு நகரத்தில் 12.5, ஹைவேயில் 18.2 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நிறைய பேர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 15.35 என்கிறார்கள். அது தப்பு. லிட்டராக மாற்றித்தான் கூட்ட வேண்டும்.

```
நகரம்:   800 / 12.5 = 64 லிட்டர்
ஹைவே:  300 / 18.2 = 16.5 லிட்டர்
மொத்தம்: 80.5 லிட்டர்
மைலேஜ்: 1100 / 80.5 = 13.7
```

விளம்பரத்தின்படி 55 லிட்டர்தான் ஆகியிருக்க வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,550 ரூபாய் வித்தியாசம். பெட்ரோல் பங்கில் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் இது தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கால் வரும் பெரிய லாபம் வேறு. இதே அளவில், இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட் கார், விளம்பரத்தில் 28, விலை மூன்று லட்சம் கூடுதல் என்று எடுத்துக்கொள்வோம். விளம்பர எண்களை வைத்துப் பார்த்தால் மாதம் மிச்சமாவது 16 லிட்டர்கூட இல்லை, மூன்று லட்சத்தை மீட்க 16 வருஷம் ஆகும், வேண்டாம் என்று விட்டுவிடுவோம். ஆனால் ஹைப்ரிட் நெரிசலில்தான் நன்றாக ஓடும். நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது, பிரேக் பிடித்தால் பேட்டரிக்குக் கரண்ட் போகிறது. வைத்திருப்பவர் நகரத்தில் 21, ஹைவேயில் 19 என்று காட்டினால், 800-க்கு 38 லிட்டர், 300-க்கு 16 லிட்டர், மொத்தம் 54. இப்போது மாதம் 26 லிட்டர் மிச்சம், மூன்று லட்சம் ஒன்பதரை வருஷத்தில் திரும்பி வரும். நீண்ட நாள் வைத்திருப்பவர் யோசிக்கலாம்.

இதே இரண்டு காரை விழுப்புரத்திலேயே இருந்துகொண்டு, மாதம் 300 ஊருக்குள்ளும் 800 பைபாஸிலும் ஓட்டுபவருக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு மாதம் மிச்சமாவது 12 லிட்டர்தான். மூன்று லட்சத்தை மீட்க அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் காரே மாறியிருக்கும்.