வாடகை விளம்பரத்தில் எதை முதலில் எழுதுவது?

வணக்கம் நேயர்களே. இணையத்தில் வாடகைக்கு வரும் ஃபிளாட் விளம்பரங்களில் பல “அழகான, விசாலமான வீடு, உடனே அழைக்கவும்” என்றுதான் தொடங்குகின்றன. “அழகான” என்று தட்டச்சு செய்து யாராவது வீடு தேடுவார்களா? எத்தனை பெட்ரூம், எந்தப் பகுதி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்றுதான் தேடுவார்கள். கைபேசியில் நீளமான தலைப்பின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். அதனால் முதல் ஐந்தாறு சொற்களுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். 2 பெட்ரூம், ஒரே குளியலறை, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே பைக் நிறுத்தலாம், கார் நிறுத்த முடியாது. பேருந்து நிலையத்துக்கு நடந்து 8 நிமிடம். பலர் இதற்கு “2 பெட்ரூம், பார்க்கிங் வசதி, பேருந்து நிலையம் அருகில்” என்று தலைப்பு வைப்பார்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் கார் வைத்திருப்பவர் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்துத் திரும்புவார். அவருக்கும் அலைச்சல், வீட்டுக்காரருக்கும் நேரம் வீண்.

சரி, “லிஃப்ட் இல்லை, கார் பார்க்கிங் இல்லை” என்று உண்மையைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு சிக்கல். பல தளங்களில் தேடல் என்பது சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பக்கத்தில் உள்ள “இல்லை”யைப் பொருட்படுத்தாது. லிஃப்ட் வேண்டும் என்று தேடுபவருக்கே இந்த வீடு போய் நிற்கும்! ஆகவே இல்லாததை, இருப்பதைக் கொண்டு சொல்லுங்கள்: “2 பெட்ரூம், 3-ஆம் மாடி, படிக்கட்டு மட்டும், பைக் நிறுத்தலாம், பேருந்து நிலையம் நடந்து 8 நிமிடம்.” பகுதியின் பெயருக்குத் தனிக் கட்டம் இல்லாத தளமானால் அதையும் தலைப்பின் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். லிஃப்ட், கார் பார்க்கிங் என்று டிக் செய்யும் கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். வடிகட்டித் தேடுபவர்கள் அந்தக் கட்டங்களைத்தான் நம்புகிறார்கள். இன்னும் நாலு பேர் பார்க்கட்டுமே என்று பக்கத்து ஊர்ப் பெயர்களை அடுக்குவதும் வேண்டாத வேலை. பார்ப்பவர் எண்ணிக்கை கூடும், குடிவருபவர் கூடமாட்டார்.

விவரணையில் தலைப்பையே திருப்பிச் சொல்ல வேண்டாம். “ஓரளவு ஃபர்னிஷ்டு” என்றால் ஆளுக்கு ஓர் அர்த்தம். கட்டில் 1, பீரோ 2, மின்விசிறி 4, ஃபிரிட்ஜ் வைக்க இடம் மட்டும் என்று எழுதிவிட்டால் தகராறு இல்லை. “காற்றோட்டமானது” என்பதை விட, எந்த அறையில் எத்தனை ஜன்னல், எந்தத் திசை என்பது பயன்படும். பரப்பளவைச் சொன்னால் அது சுவருக்குள் அளந்ததா, மாடிப்படியின் பங்கும் சேர்ந்ததா என்றும் சொல்லுங்கள். வாடகை, பராமரிப்புக் கட்டணம், முன்பணம் மூன்றும் தனித்தனி வரிகளில் இருக்கட்டும்.

விளம்பரம் போட்ட பிறகு வரும் அழைப்புகளைக் கவனியுங்கள். மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், அதற்கான பதில் விவரணையில் விட்டுப்போயிருக்கிறது, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.