டாஸ் ஜெயித்தால் என்ன எடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்குப் பல வருடங்களாக ஸ்கோர் எழுதி வருகிறேன். சித்தூர், வேலந்தாவளம், கொல்லங்கோடு என்று எங்கிருந்து அணி வந்தாலும், அதன் கேப்டன் டாஸுக்குப் போகும் வழியில் என் மேசைப் பக்கம் வந்து, "ஏனுங்கண்ணா, ஜெயிச்சா பேட்டிங்கா பௌலிங்கா? உங்க நோட்டு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்தக் கேள்விக்கு ஸ்கோர் நோட்டிலிருந்து எப்படிப் பதில் எடுப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் எல்லாரும் செய்கிற கணக்கு ஒன்று உண்டு. டாஸ் ஜெயித்த அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று எண்ணுவார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு மைதானத்தில் இரண்டாவதாக ஆடுகிற அணிதான் எப்போதும் ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டாஸ் ஜெயித்த கேப்டன்களில் பாதிப் பேர் அது தெரியாமல் பேட்டிங் எடுத்திருந்தால், அவர்களெல்லாம் தோற்றிருப்பார்கள். நோட்டில் டாஸ் ஜெயித்தவர்களுக்குப் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று இருக்கும். அதைப் பார்த்து "இங்கே டாஸால் ஒன்றும் ஆவதில்லை" என்றால் எவ்வளவு பெரிய தப்பு! எண்ண வேண்டியது முதலில் ஆடியவர் ஜெயித்தாரா, துரத்தியவர் ஜெயித்தாரா என்பதை. டாஸை யார் ஜெயித்தார்கள் என்பது அதற்குப் பக்கத்தில் தனிக் கட்டத்தில் இருக்கட்டும்.

அப்புறம், எத்தனை ஆட்டம் இருந்தால் நம்பலாம்? நம் கேரளத்து மைதானத்தையே எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானத்தில் 2017 முதல் 2023 நவம்பர் வரை இந்தியா நான்கு இருபது ஓவர் ஆட்டங்கள் ஆடியது. நான்கிலும் டாஸ் ஜெயித்தவர் பௌலிங்தான் எடுத்தார். 2017-இல் மழையால் எட்டு ஓவராகச் சுருங்கிய ஆட்டத்தில் நியூசிலாந்து துரத்தித் தோற்றது. 2019-இல் வெஸ்ட் இண்டீஸ் 171 ரன்னை எளிதாகத் துரத்தியது. 2022-இல் தென்னாப்பிரிக்கா 9 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து 106-இல் நிற்க, இந்தியா துரத்தி ஜெயித்தது. 2023-இல் இந்தியா 235 அடித்தது, ஆஸ்திரேலியாவால் எட்ட முடியவில்லை. ஆக இரண்டுக்கு இரண்டு. ஒருவேளை மூன்றுக்கு ஒன்று என்று வந்திருந்தால்? காசை நான்கு முறை சுண்டினால், ஏதோ ஒரு பக்கம் மூன்றும் மறு பக்கம் ஒன்றுமாக விழ சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. எனவே நான்கு ஆட்டத்தை வைத்து மைதானத்தின் குணம் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது.

பன்னிரண்டு ஆட்டத்தில் எட்டைத் துரத்தியவர்கள் ஜெயித்தார்கள் என்றால் நம் கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் வெறும் காசு சுண்டினாலே எட்டோ அதற்கு மேலோ தலை விழுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை நடக்கும். அதை மட்டும் நம்பிக் கேப்டனிடம் நான் வாய் திறக்க மாட்டேன்.

இனி, நிஜமாகவே பேசிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2021 இருபது ஓவர் உலகக் கோப்பையில் துபாயில் 13 ஆட்டங்கள் நடந்தன. அதில் 12-ஐத் துரத்திய அணிதான் ஜெயித்தது. இந்தியா பாகிஸ்தானிடமும் நியூசிலாந்திடமும் தோற்றது அங்கேதான். இரண்டிலும் நாம் டாஸைத் தோற்று முதலில் ஆடினோம். காசு சுண்டி 13-க்கு 12 வருவது ஆயிரத்தில் இரண்டு தடவைகூட நடக்காது. அப்படியானால் ஏதோ காரணம் இருக்கிறது. அது என்ன என்று தேட, விட்டுப்போன அந்த ஒரு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அது நியூசிலாந்து ஸ்காட்லாந்துடன் ஆடியது. நியூசிலாந்து முதலில் ஆடி 172 எடுத்து, 16 ரன்னில் ஜெயித்தது. நியூசிலாந்து பலமான அணி, எப்படி ஆடினாலும் ஜெயித்திருக்கும் என்று தள்ளிவிடலாம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆட்டம் தொடங்கியது துபாய் நேரப்படி பிற்பகல் இரண்டு மணிக்கு. அந்த 13-இல் பிற்பகல் ஆட்டங்கள் மூன்றே மூன்று, அவற்றில் இரண்டு துரத்தியவருக்கு, ஒன்று முதலில் ஆடியவருக்கு. மீதி பத்தும் மாலை ஆட்டங்கள். அந்தப் பத்தையும் துரத்திய அணியே ஜெயித்தது! பத்துக்குப் பத்து என்பது காசு சுண்டினால் 1024-இல் ஒரு தடவை வருவது. இந்தியா ஸ்காட்லாந்தையும் நமீபியாவையும் துரத்தி வென்ற இரண்டையும், எப்படியும் ஜெயித்திருப்போம் என்று எடுத்துவிட்டாலும் எட்டுக்கு எட்டு நிற்கிறது.

இப்போது காரணம் கைக்கு வந்துவிட்டது: பனி. இரவு ஏற ஏறப் புல் நனைகிறது, பந்து நனைகிறது. சுழல் பந்து வீச்சாளருக்கு விரலில் பிடி கிடைப்பதில்லை. பந்து தரையில் பட்டதும் நின்று திரும்பாமல் வழுக்கிக்கொண்டு மட்டைக்கு வருகிறது. முதலில் பந்து வீசிய அணிக்கு இந்தச் சங்கடம் குறைவு, இரண்டாவதாக வீசுகிற அணிக்கு முழுதாக உண்டு.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். டாஸில் முடிவெடுக்கும்போது பிட்ச் நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. இரண்டு அணியும் ஆடப்போவது ஒரே பிட்ச்தானே. முதல் இன்னிங்ஸுக்கும் இரண்டாவது இன்னிங்ஸுக்கும் நடுவில் என்ன மாறப் போகிறது? அதுதான் கேள்வி. எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து ஆளைத் தள்ளுகிற காற்று வரும். "காத்து பலமா இருக்குதுங்கண்ணா, பேட்டிங் எடுத்துக்கலாங்களா?" என்று தம்பிகள் கேட்பார்கள். அதே காற்று எதிரணி ஆடும்போதும் அடிக்குமே, தம்பி! பாதி ஆட்டத்தில் காற்று ஏறும் அல்லது இறங்கும் என்றால் மட்டும்தான் அது டாஸுக்கு ஆகும். இன்னொன்று, காற்று வீசும் இரவில் பனி அவ்வளவாக இறங்காது. வானம் தெளிந்து காற்று அசையாமல் இருந்தால்தான் பனி நன்றாகப் படியும். அதனால் துபாய்க் கணக்கைக் கணவாய்க் காற்று அடிக்கிற எங்கள் பக்கத்து மின்விளக்கு மைதானங்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

மாறும் என்று எதிர்பார்த்தது மாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, 2024 மே 24 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் கேரளத்துச் சஞ்சு சாம்சன் அப்போது ராஜஸ்தான் கேப்டன். டாஸ் ஜெயித்து, பனி வரும் என்று நம்பி பௌலிங் எடுத்தார். ஹைதராபாத் 175 எடுத்தது. பனி வரவில்லை. பிட்ச் காய்ந்து பந்து நின்று திரும்பத் தொடங்கியது. ஷாபாஸ் அகமதும் அபிஷேக் சர்மாவும் சேர்ந்து ஐந்து விக்கெட் எடுத்தார்கள். ராஜஸ்தான் 139-இல் நின்றது. சஞ்சு செய்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அங்கே இரண்டு மாற்றங்கள் எதிரெதிராக இழுத்தன. பனி வந்தால் இரண்டாவது இன்னிங்ஸ் எளிது, வராவிட்டால் பிட்ச் தேய்ந்து கடினம். இப்படி இருக்கிற இடத்தில் பழைய நோட்டைவிட, அன்றைக்குச் சாயங்காலம் புல்லைக் கையால் தடவிப் பார்ப்பதுதான் உதவும். இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் இறுதி ஆட்டம். ஹைதராபாத் டாஸ் ஜெயித்து இந்த முறை பேட்டிங் எடுத்து 113-க்குச் சுருண்டது. கொல்கத்தா 10.3 ஓவரில் முடித்துவிட்டது. முந்தைய ஒரே ஆட்டத்தை வைத்து முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு காட்சி வேண்டாம்.

சரி, எங்கள் நோட்டுக்கு வருவோம். பல வருடம் நான் எல்லா ஆட்டங்களையும் ஒன்றாகக் கூட்டி வைத்திருந்தேன். துரத்தியவர் பாதி, முதலில் ஆடியவர் பாதி. "நம் மைதானத்தில் எதை எடுத்தாலும் ஒன்றுதான்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். துபாய்க் கணக்கைப் பிரித்துப் பார்த்த பிறகுதான், என் நோட்டையும் ஆட்டம் தொடங்கிய நேரப்படி பிரித்தேன். அப்போது தெரிந்தது, எதிரெதிரான இரண்டு விஷயங்கள் ஒன்றையொன்று அழித்துப் பாதிக்குப் பாதியாகக் காட்டியிருக்கின்றன.

காலை ஏழு மணி ஆட்டத்தில் புல்லெல்லாம் ஈரம். டென்னிஸ் பந்து நனைந்து கனத்துவிடும். நன்றாக அடித்த அடியும் எல்லைக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடும். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறித் தரை காய்ந்துவிட்டால் அதே அடி நான்காகிறது. எனவே அங்கே துரத்துவது நல்லது. சாயங்கால ஆட்டம் நேர்மாறு. பத்து ஓவர் இன்னிங்ஸ் எங்கள் கையில் நாற்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். நாலே முக்காலுக்குத் தொடங்கினால், பத்து நிமிட இடைவெளி போக, இரண்டாவது இன்னிங்ஸ் ஐந்து நாற்பதுக்குத் தொடங்கி ஆறு இருபத்தைந்துக்கு முடியும். கார்த்திகை மாதத்தில் அதற்குள் சூரியன் விழுந்திருக்கும். விளக்கில்லாத மைதானத்தில் கடைசி மூன்று ஓவர் பந்தே தெரியாது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு பேட்டிங் எடுக்கலாம். நடுப்பகல் ஆட்டத்தில் மாறுவது ஒன்றுமில்லை. அப்போது கேப்டன் தன் அணிக்குப் பழக்கமானதை எடுத்துக்கொள்ளட்டும், என் நோட்டு வாயை மூடிக்கொள்ளும்.

இன்னொரு விஷயத்திலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் பலமான இரண்டு மூன்று அணிகளுக்குத் துரத்துவதுதான் பிடிக்கும். டாஸ் ஜெயித்தால் யோசிக்காமல் பௌலிங் எடுப்பார்கள், ஆட்டத்தையும் ஜெயிப்பார்கள். அந்த வெற்றிகளையும் சேர்த்து எண்ணினால், மைதானம் துரத்துபவருக்குச் சாதகம் என்று தோன்றும். உண்மையில் சாதகம் அந்த அணியின் பலம். அதனால் சமபலமான அணிகள் மோதிய ஆட்டத்துக்கு மட்டும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். எண்ணும்போது புள்ளி உள்ளவற்றை மட்டும் எண்ணுவேன். ஆட்டங்கள் குறைந்துபோகும், அது நிஜம்தான். ஆனால் மிஞ்சுவது மைதானத்தைப் பற்றிப் பேசும்.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆறு கட்டங்கள் இருக்கின்றன. தொடங்கிய நேரம், டாஸ் யார், என்ன எடுத்தார்கள், முதல் இன்னிங்ஸ் ரன், யார் ஜெயித்தார்கள், இடைவேளையில் நான் எழுந்து போய்ப் புல்லைத் தொட்டுப் பார்த்தபோது ஈரமா காய்ந்ததா. அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப மைதானத்துக்குள் நடக்கும்போது, இரண்டு அணியின் தம்பிகளும் இப்போதெல்லாம் என்னோடு நடந்து வந்து குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள்.

வணக்கம்.