பிழையின்றி நின்றுபோன ஒத்திசைவை எச்சரிக்கை எப்படிக் கண்டுபிடிக்கும்?

[திரையில்: ஏற்காட்டுக் காபித் தோட்டத்தின் கிடங்கு, சேலத்து விற்பனை அலுவலகம்]

ஏற்காட்டுக் கிடங்கின் இருப்புக் கணக்கு, ஓர் ஒத்திசைவு நிரல் வழியாக 15 நிமிடங்களுக்கு ஒருமுறை சேலத்து அலுவலகத்தின் தரவுத்தளத்துக்கு வந்து சேருவதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, மலையிலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒருவர் இருப்பு அட்டவணைக்கு யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வரிசைவாரிப் பாதுகாப்பை இயக்கிவிட்டு, ஒத்திசைவு நிரல் நுழையும் பயனர் கணக்குக்கு உரிய அனுமதி விதியை எழுத மறந்துவிடுகிறார். அதன் பிறகு அந்தக் கணக்கு அந்த அட்டவணையில் எதைக் கேட்டாலும் பிழைச் செய்தி வராது. வெறும் 0 வரிசைகளே வரும். நிரலும் "புதிய மாற்றம் ஏதுமில்லை" என்று எடுத்துக்கொண்டு, வெற்றி என்று பதிவு செய்துவிட்டு முடிந்துவிடும். அன்றிரவே 40 மூட்டைகள் லாரியில் ஏறிப் போய்விட்டாலும், திங்கட்கிழமை காலை சேலத்துத் திரையில் அவை இருப்பிலேயே இருக்கும். ஊழியர் அவற்றை வேறொருவருக்கு விற்றுவிடுவார்.

வேலை தோல்வியடைந்ததா என்று மட்டும் கேட்கும் எச்சரிக்கை இதைப் பிடிக்காது. கடைசி மாற்றம் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்ப்பதும் போதாது, ஏனெனில் ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் வேலையே நடக்காததால் அது வீணாக ஒலிக்கும், வீணாக ஒலிப்பதை ஓரிரு வாரங்களில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆகவே இருப்பு அட்டவணையிலேயே விற்பனைக்கு வராத ஒரு போலிப் பொருளை `HB-000` என்ற குறியீட்டில் சேர்த்து, அதன் நேரத்தை மலையிலேயே 5 நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதைத் தனி அட்டவணையில் வைத்தால், இருப்பு அட்டவணையின் அனுமதி போனது தெரியாமலே போய்விடும்.

[திரையில்: சேலத்தில் இயங்கும் சோதனை]

```sql
SELECT coalesce(
  now() - max(updated_at) > interval '40 minutes',
  true)
FROM stock WHERE item_code = 'HB-000';
```

எல்லாம் சரியாக ஓடும்போது இந்த வரிசையின் வயது ஏறத்தாழ 20 நிமிடங்களைத் தாண்டாது. ஓர் ஒத்திசைவு ஓட்டம் தவறினால் 35 வரையும், அடுத்ததும் தவறினால் 50 வரையும் போகக்கூடும். மலையில் இணைப்பு சற்றே விட்டு வருவது வழக்கம் என்பதால், 40 என்ற எல்லை ஒற்றைத் தவறுதலைப் பொறுத்துக்கொண்டு, தொடர்ந்து இரண்டு தவறினால் எழுப்பிவிடுகிறது. வரிசையே காணாமற்போனால் வயது வெற்று மதிப்பாகிவிடும். அப்போதும் எச்சரிக்கை வர வேண்டும் என்பதற்காகவே `coalesce` இங்கு இருக்கிறது.

இங்கே ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்: `updated_at` என்பது மலையில் எழுதப்பட்ட நேரமாகவே வந்து சேர வேண்டும். ஒத்திசைவு நிரல் ஒவ்வொரு முறையும் சேலத்து நேரத்தை அதில் எழுதினால், பழைய தரவும் புதியதாகவே தோன்றும். நேர மண்டலம் குறிக்கப்படாமல் இந்திய நேரம் வந்து, அது உலகப் பொது நேரமாகப் படிக்கப்பட்டால், வயது ஐந்தரை மணி நேரம் குறைந்து, எச்சரிக்கையும் அவ்வளவு தாமதமாகும்.

செய்தி கணினிப் பொறுப்பாளரின் கைப்பேசிக்குப் போவதுடன், விற்பனைத் திரையின் மேலேயும் "இருப்பு மாலை 6 மணி நிலவரம்" என்று சிவப்பில் தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆர்டர் எடுப்பவர் அப்போது மலைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டு விற்பார்.

இந்தச் சோதனையே நின்றுபோகவும் கூடும். அதனால் ஒவ்வொரு முறை ஓடியதும் அது வெளியிலுள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்குக் குறி அனுப்ப வேண்டும், குறி வராவிட்டால் அந்தச் சேவை அழைக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒத்திசைவுக் கணக்கின் அனுமதி விதியை வேண்டுமென்றே நீக்கி, 50 நிமிடங்களுக்குள் கைப்பேசி ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டு, விதியைத் திரும்பச் சேர்க்கவும்.