சங்கல்பத்துக்கு முன்னால் கேமராவை நிறுத்துங்கள்

எங்கள் குடும்பப் பக்திச் சேனலுக்கு வீடியோ வெட்டி ஒட்டுவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் தங்கை மகனின் முதல் ஆயுஷ்ய ஹோமத்தை முழுசாக ஏற்றினேன். அதில் எல்லோரும் ரசித்தது குழந்தையின் பட்டு வேட்டியை. நான் கவனிக்காமல் விட்டது, சாஸ்திரிகள் உரக்கச் சொன்ன சங்கல்பத்தை.

கோத்திரம், நட்சத்திரம், ராசி, பெயர் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. ரோகிணி என்று வைத்துக்கொள்ளுங்கள். (நட்சத்திரத்தையும் வருடத்தையும் மாற்றித்தான் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் பேச வந்ததற்கே அர்த்தமில்லை.) முதல் ஆண்டு நிறைவு 2020 ஆவணி என்றால், பிறந்தது 2019 ஆவணி. சந்திரன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 27 நாள் ஆகும். அதனால் ஒரு நட்சத்திரம் மாதத்துக்கு ஒருமுறை, அபூர்வமாக இருமுறை வரும். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஆகஸ்ட் 24 கிடைத்துவிடுகிறது. பெயரும் பிறந்த தேதியும் முன்பின் தெரியாதவர் கையில்! அப்புறம் மற்ற வீடியோக்களில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே கோயில், ஒரே நேரம், பள்ளிச் சீருடையோடு விளக்கேற்றும் அக்கா. வேறென்ன வேண்டும்?

சரி, ஏற்றியதை என்ன செய்வது? முதலில் வீடியோவைப் பிரைவேட் ஆக்கினோம். யூடியூப் ஸ்டுடியோவில் எடிட் செய்து சேமித்தாலும், வேலை முடியும்வரை பழைய வீடியோதான் பார்ப்பவருக்குத் தெரியும். பிறகு எடிட்டரில் சங்கல்பப் பகுதியை ட்ரிம் செய்தோம், சீருடையின் முத்திரையை பிளர் செய்தோம். லிங்க் மாறவில்லை. தலைப்பிலும் விளக்கத்திலும் இருந்த பெயரையும் எடுத்தோம். சப்டைட்டிலையும் ஒருமுறை படித்துவிடுங்கள். காதுக்குத் தப்பியது அங்கே எழுத்தாக இருக்கும்.

'குழந்தைகளுக்கானது' என்று குறித்துவிட்டாலே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அமைப்பு பார்க்கும் குழந்தைகளைப் பற்றியது, நடிக்கும் குழந்தையைப் பற்றியது அல்ல. கருத்துப் பகுதியும் இன்னும் சில வசதிகளும் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். கருத்தை நீங்களே தனியாகவும் மூடலாம். கண்ணன் வேடத்தில் அரைஞாணோடு தவழும் குழந்தை, தீபாவளி எண்ணெய்க் குளியல் போன்றவற்றுக்கு அதுகூடப் போதாது. அப்படிப்பட்ட வீடியோக்களில் வக்கிரக்காரர்கள் குறிப்பிட்ட விநாடியைக் கருத்தில் எழுதி ஒருவருக்கொருவர் காட்டினார்கள். 2019 பிப்ரவரியில் சிறுவர்கள் வரும் கோடிக்கணக்கான வீடியோக்களில் யூடியூப் கருத்தை நிறுத்தியது அதனால்தான். எங்கள் வீட்டில் அவற்றை எடுப்பதே இல்லை.

இப்போது சங்கல்பம் தொடங்கும்போது கேமரா அணைந்துவிடும், சாஸ்திரிகளிடம் முன்பே சொல்லிவிடுகிறோம். மார்கழியில் பிள்ளைகள் திருப்பாவை பாடுவார்கள். திரையில் கோலம் போடும் கைகள் மட்டும் தெரியும். வாசலில் கதவு எண் வராத கோணமாகப் பார்த்துக்கொள்கிறோம். கோயிலுக்குப் போன வீடியோ இரண்டு வாரம் கழித்துத்தான் ஏறும்.

அந்தப் பழைய ஹோமத்தை மட்டும் யாரோ முன்பே இறக்கி, சங்கல்பத்தோடு ஷார்ட்ஸாகப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் வெட்டியது அதைத் தொடாது. குழந்தை சார்பில் தாய் தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். தங்கை நேற்றுத்தான் கொடுத்தாள்.