கோயில் காளை திடீரென்று செத்துக் கிடந்தால்: அடைப்பானும் ஆறடிக் குழியும்

[காட்சி: விடியும் நேரம். காரைக்குடிப் பக்கத்துக் கிராமம். ஊருணிக் கரை, வேப்ப மரம், தொலைவில் ஒரு காளை படுத்திருப்பது போல.]

வணக்கம். ஒரு சம்பவத்தை நினைத்துக்கொள்வோம். கோயில் காளை. நேற்றுச் சாயங்காலம் வரை ஊரைச் சுற்றி வந்தது, வீட்டு வாசல்களில் நின்று கஞ்சி குடித்தது. இன்று காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கப் போனவர் பார்க்கிறார், ஊருணிக் கரையில் செத்துக் கிடக்கிறது. வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. மூக்கில் கருத்த ரத்தம் ஒழுகியிருக்கிறது.

அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மைக்கில் அறிவிப்பு வரும். காளையைக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மாலையும் வேட்டியும் சார்த்தி, டிராக்டரில் ஏற்றித் தாரை தப்பட்டையோடு ஊர்வலம் போகும். மஞ்சுவிரட்டில் பேர் வாங்கிய காளை என்றால் பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். யாராவது ஒருவர் துண்டை எடுத்து அதன் மூக்கைத் துடைத்துவிடுவார். என்னைக் கேட்டால், அன்று காலையில் நடக்கிற ஆபத்துகளில் அந்தத் துடைப்புதான் முதல் இடம்.

[காட்சி: காளையின் முகம். மூக்கருகே கருத்த ரத்தத்தின் வரைபடம்.]

இது அடைப்பானாக இருக்கலாம். ஆந்த்ராக்ஸ் என்று செய்தியில் வருகிறதே, அதேதான். தொண்டை அடைப்பான் வேறு, சப்பை நோய் வேறு. மூன்றும் வேறு வேறு கிருமிகள். அடைப்பானில் பெரும்பாலும் நோய் தெரிவதற்குள் மாடு போய்விடும். சில மணி நேரம் கடுமையான காய்ச்சல், நடுக்கம், மூச்சுத் திணறல், அப்புறம் சாவு. செத்த பிறகு மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகத் தார் மாதிரி கருத்த ரத்தம் கசியும், அது உறையாது. உடம்பும் சரியாக விறைக்காது. வயிறு சீக்கிரமே உப்பிவிடும்.

இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. வெயிலில் கிடக்கும் எந்த மாடும் உப்பத்தான் செய்யும். பாம்பு கடித்தாலும் ரத்தம் கசியலாம். மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு நின்ற இடத்திலேயே விழும். இடி விழுந்தும் சாகும். இன்னொரு பக்கம், ரத்தமே கசியாத அடைப்பான் சாவும் உண்டு. அதனால் காரணம் தெரியாத திடீர்ச் சாவு எதுவானாலும், ரத்தப் பரிசோதனை முடியும் வரை அது அடைப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மாட்டின் உடலுக்குள் கோல் வடிவக் கிருமிகள். வெளியே காற்று பட்டதும் முட்டை வடிவ வித்துகளாக மாறும் அனிமேஷன்.]

சரி, உடம்பை ஏன் திறக்கக்கூடாது? விஷயமே இதில்தான் இருக்கிறது.

செத்த மாட்டின் ரத்தத்தில் இந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், குச்சி குச்சியாக. இந்த வடிவத்தில் அது அப்படியொன்றும் பலசாலி இல்லை. உடம்பு மூடியே இருந்தால் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். குடலில் இருக்கும் அழுகல் கிருமிகள் பெருகி, இரண்டு மூன்று நாளில் இதைத் தின்று தீர்த்துவிடும். நம்மூர் வெக்கையில் அழுகல் வேகமாகவே நடக்கும். அதாவது மாட்டின் தோல்தான் நமக்குக் கிடைத்த சவப்பெட்டி. உள்ளே இருப்பது உள்ளேயே சாகிறது.

கத்தி பட்டால் கதை மாறும். ரத்தம் வெளியே வந்து காற்றுப் பட்டதும், சில மணி நேரத்தில் அந்தக் குச்சி தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு போட்டு வித்தாக மாறத் தொடங்குகிறது. நெல்லைக் குதிரில் போட்ட மாதிரி அது மண்ணில் காத்துக் கிடக்கும். எத்தனை வருடம்? ஸ்காட்லாந்துப் பக்கம் குரூனார்டு என்று ஒரு சின்னத் தீவு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-ல், அங்கே இந்தக் கிருமியை ஆயுதமாகச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் போகக்கூடாத இடமாகவே கிடந்தது. 1986-ல் கடல்நீரில் கலந்த ஃபார்மால்டிஹைடைத் தீவின் மண் மேல் ஊற்றிச் சுத்தம் செய்து, 1990-ல்தான் பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். நம் கண்மாய்க் கரையை அப்படிக் கழுவ யார் வரப்போகிறார்கள்?

தோல் உரிப்பது, கறியைக் கூறு போடுவது, 'என்னதான் ஆச்சு, வயிற்றைக் கிழித்துப் பார்ப்போம்' என்பது, இவை எல்லாமே கிருமியைக் காற்றில் திறந்துவிடும் வேலைதான். உரிக்கக் கூப்பிடப்படுபவர் கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே போதும். ஒரு வாரத்துக்குள் கொசு கடித்த மாதிரி அரிக்கும், கொப்புளமாகும், நடுவில் கரி மாதிரி கருத்த பொருக்கு வரும், சுற்றிலும் வீங்கும். வலி இருக்காது, அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சீக்கிரம் மருத்துவரிடம் போய், 'செத்த மாட்டைத் தொட்டேன்' என்று வாயைத் திறந்து சொன்னால் ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிடும். கறியைத் தின்றவருக்குக் குடலில் வருவது இதைவிட மோசம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்பி வாங்காதீர்கள். வித்து சாதாரணச் சமையல் சூட்டைத் தாங்கக்கூடியது, வெட்டிய கையும் அரிவாள்மனையும் வேறு இருக்கின்றன.

[காட்சி: கால்நடை மருத்துவர், கையுறையோடு. காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடிச் சில்லு.]

நம் காளைக்கு வருவோம். முதலில் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ உங்கள் கால்நடை மருந்தகத்துக்கோ போன். 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய். மருத்துவர் வந்து காது நரம்பில் ஊசியால் குத்தி ஒரே ஒரு சொட்டு எடுப்பார், குத்திய இடத்தைப் பஞ்சால் அடைப்பார். சில்லில் தேய்த்து நீலச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மூங்கில் கணு மாதிரி வரிசையாக நீலக் குச்சிகள், சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு உறை. இதைச் சீக்கிரம் எடுக்கவேண்டும். அழுகல்தான் கிருமியைக் கொல்கிறது என்றோமே, அதே அழுகல் ஒரு நாள் தாண்டினால் சாட்சியையும் அழித்துவிடும்.

இன்சூரன்ஸ் செய்த மாட்டில் ஒரு சிக்கல் வரும். பிரேதப் பரிசோதனை வேண்டும், வில்லையோடு காதை அறுத்து வை என்று யாராவது சொல்வார்கள். அறுக்காதீர்கள். வில்லை எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவையும் சான்றிதழையும் மருத்துவர் தருவார்.

[காட்சி: உடலைத் தார்பாய் மூடியிருக்கிறது. இரண்டு பேர் தள்ளி நின்று காவல்.]

மருத்துவர் வரும் வரை நாய், காக்கை அண்டாமல் காவல் போடுங்கள். கழுவவேண்டாம். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது ரத்தத்தோடு ஊருணிக்குத்தான் ஓடும். பினாயில் தெளித்தால் வாசனைதான் மாறும், வித்து சாகாது. கைக்குத் தடவும் சானிடைசரும் அப்படித்தான். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே மேல். மருத்துவர் சொன்னபடி கையுறை, நீளக்கைச் சட்டை, பூட்ஸ் போட்டவர்கள் மட்டும் மூக்கையும் வாயையும் ஆசனவாயையும் மருந்தில் நனைத்த பஞ்சால் அடைத்து, தலைக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பையைக் கட்டவேண்டும்.

ஊர்வலம்? அதைத்தான் பேசித் தீர்க்கவேண்டும். டிராக்டரில் ஏற்றினால் வழியெல்லாம் சொட்டும், கயிறு கட்டி இழுத்தால் அதைவிடக் கேடு. மரியாதை செய்யட்டும், பத்தடி தள்ளி நின்று. மாலையையும் வேட்டியையும் தூரத்திலிருந்து குழிக்குள் போடலாம். அவை திரும்பி வீட்டுக்கு வராது, அவ்வளவுதான்.

[காட்சி: ஜேசிபி குழி தோண்டுகிறது. குழியின் குறுக்குவெட்டுப் படம்.]

குழி. செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆனால் மேட்டில். கண்மாய் உள்வாய், ஊருணி, அதன் வரத்துக்கால், கிணறு எதற்கும் அருகில் வேண்டாம். ஆறடி ஆழம் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் எட்டடி தோண்டுங்கள் என்பேன். உப்பிய காளை பக்கவாட்டில் கிடந்தாலே மூன்றடி உயரம் வரும். ஆறடிக் குழியில் போட்டால் மேலே மூன்றடி மண்தான் மிஞ்சும், நாய் தோண்டாவிட்டாலும் மழை தோண்டும். ஏழடி நீளம், ஆறடி அகலம் ஒரு மாட்டுக்குப் போதும்.

செட்டிநாட்டில் இதில் ஒரு தொல்லை உண்டு. மூன்று நான்கு அடியிலேயே பல இடங்களில் செம்புரான் பாறை தட்டும். 'போதும்ப்பா, இதிலேயே போட்டுடலாம்' என்பார்கள். விடாதீர்கள், உடைக்கும் ஜேசிபியைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் வேறு மேடு பாருங்கள். அடியில் தண்ணீர் ஊறினாலும் அந்தக் குழி வேண்டாம். வண்டி மாலைக்குத்தான் வரும் என்றால் பதறவேண்டாம். மூடிய உடம்பு ஒரு நாள் காத்திருப்பது, அவசரத்தில் ஆழமில்லாமல் புதைப்பதைவிட நல்லது.

கெட்டியான தார்பாயில் உருட்டி, கீறாமல் இறக்குங்கள். இன்னொன்று. சாதாரணமாகச் செத்த மாட்டைப் புதைக்கும்போது, வாயு வெளியேற வயிற்றைக் கிழித்துவிடும் பழக்கம் உண்டு. இங்கே அது கூடவே கூடாது. செத்த இடத்தில் ரத்தம் பட்ட மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி, சாணி, மிச்ச வைக்கோல், மூக்கணாங்கயிறு, கையுறை எல்லாவற்றையும் அதே குழியில் போடுங்கள்.

சுண்ணாம்பு போடலாமா? நம் ஊரில் மேலும் கீழும் சுட்ட சுண்ணாம்பு கொட்டுவது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் அதைச் சிபாரிசு செய்வதில்லை, கால்சியம் வித்து நீண்ட நாள் தங்க உதவலாம் என்பதால். மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டோமே என்று ஆழத்தைக் குறைக்காதீர்கள். கிருமியை அடக்குவது ஆழமும் கிழியாத தோலும்தான்.

[காட்சி: மற்ற மாடுகளின் உடல் வெப்பம் பார்க்கிறார்கள்.]

அந்தக் காளை மேய்ந்த இடத்திலிருந்து மற்ற மாடுகளை நகர்த்துங்கள். காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். காய்ச்சல் கண்ட மாட்டுக்கு மருத்துவர் பென்சிலின் தருவார், அதன் பாலைக் கறந்து கொட்டிவிடவேண்டும். மற்றவற்றுக்குத் தடுப்பூசி. ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிறுவனம் தயாரிக்கும் அந்த மருந்தில் இருப்பதும் வீரியம் குறைத்த உயிருள்ள வித்துதான். அதனால் ஆன்டிபயாடிக் போட்ட மாட்டுக்கு அதே நேரத்தில் போட்டால் ஊசி வீணாகும். நோய் வந்த ஊரில் வருடம் ஒருமுறை போடவேண்டும், மழைக்காலத்துக்கு முன்பே. கோடையில் புல்லை வேரோடு கடித்து மண்ணையும் சேர்த்துத் தின்ற மாடுகளுக்கு, முதல் மழை ஓடிய பின்தான் இது அதிகம் வருகிறது.

[காட்சி: மண்மேடு. மேலே வேலிக்கருவை முள், செம்புரான் கற்கள்.]

மண்ணை மேடாகக் குவித்து, முள் பரப்பி, செம்புரான் கல்லை அடுக்கிவிடுங்கள். சில நாளில் மண் இறங்கும், திரும்ப மண் போடுங்கள். அப்புறம் ஊரார் அங்கே ஒரு பீடம் கட்ட ஆசைப்படுவார்கள், கோயில் காளைக்குக் கட்டாமல் யாருக்குக் கட்டுவார்கள்! கட்டட்டும். ஆனால் கடைகால் எடுக்காமல், மரக்கன்றுக்குக் குழி போடாமல், தரைக்கு மேலேயே. கல்லில் பேரும் தேதியும் வெட்டும்போது கீழே இன்னொரு வரி சேருங்கள்: 'அடைப்பானில் இறந்தது. இங்கே தோண்டக் கூடாது.'