மல்லிகை ஆயிரம் ரூபாய்: எந்தக் கோடு நகர்ந்தது?

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் வரைபடத்தைக் காட்ட முடியாது என்பதால், அருகில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு ஏறிவிட்டது என்று ஒரு காலையில் கேள்விப்படுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விலையை மட்டும் வைத்துக்கொண்டு சந்தையில் என்ன நடந்தது என்று சொல்லிவிட முடியுமா என்பதே இன்றைய என் கேள்வி.

நிற்கும் அச்சில் கிலோ விலையையும், கிடை அச்சில் ஒரு நாளைக்கு விற்கும் பூவின் அளவை டன்னிலும் குறியுங்கள். இடமிருந்து வலமாக இறங்கும் கோடு தேவைக் கோடு; ஒவ்வொரு விலையிலும் வாங்குவோர் எவ்வளவு கேட்பார்கள் என்பதை அது காட்டும். ஏறும் கோடு அளிப்புக் கோடு; விற்போர் எவ்வளவு கொண்டுவருவார்கள் என்பதை அது காட்டும். நான் சொல்லும் எண்கள் கணக்கு எளிதாக இருப்பதற்காக நானே அமைத்தவை. விலை 600 ரூபாயாக இருக்கும்போது வாங்குவோர் கேட்பதும் 4 டன், விற்போர் கொண்டுவருவதும் 4 டன். ஆகவே இரு கோடுகளும் அங்கே வெட்டிக்கொள்கின்றன. விலை 400 ரூபாய் கூடினால் தேவை ஒரு டன் குறையும், அளிப்பு ஒரு டன் கூடும்.

இப்போது பனிக்காலம் வருகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் செடிக்கு மொட்டுப் பிடிப்பது குறைகிறது. எந்த விலையைச் சொன்னாலும் முன்பு வந்ததைவிட 2 டன் குறைவாகவே பூ வரும் என்றால், அளிப்புக் கோடு முழுவதும் 2 டன் அளவுக்கு இடப்பக்கம் நகர்கிறது. தேவைக் கோட்டைத் தொடாதீர்கள்; பனி பெய்ததால் பூ வாங்குகிறவர்களின் விருப்பமோ வருமானமோ மாறிவிடவில்லை.

பழைய விலையான 600 ரூபாயில் விரலை வையுங்கள். கேட்பது 4 டன், வரத்து 2 டன். கிடைக்காத 2 டன்னுக்காக வியாபாரிகள் ஒருவருக்கொருவர் விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். விலை ஏற ஏறச் சிலர் முழம் கணக்கைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிலர் வேறு பூவுக்குப் போகிறார்கள். மறுபுறம், பூ மெலிந்த தோட்டத்திலும் கூலி கொடுத்துப் பறிப்பது கட்டுபடியாகிறது. 1000 ரூபாயில் இரு தரப்பும் 3 டன்னில் சந்திக்கின்றன. கோடு நகர்ந்தது 2 டன், விற்பனை குறைந்ததோ ஒரு டன் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மீதியை விலை உயர்வு ஈடுகட்டியது. அது புதிய கோட்டின் மேலேயே ஏறிச் சென்ற நகர்வு, கோட்டின் நகர்வு அன்று. "விலை கூடிவிட்டதே, அதனால் அளிப்புக் கோடு வலப்பக்கம் திரும்புமே" என்று மாணவர்கள் எழுதுவது இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால்தான்.

அந்தக் கோட்டை அழித்துவிட்டு முதல் படத்துக்குத் திரும்புவோம். பனி இல்லை, ஆனால் ஆவணி மாதத்து முகூர்த்த வாரம். ஒவ்வொரு விலையிலும் 2 டன் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றால், இம்முறை தேவைக் கோடுதான் வலப்பக்கம் நகர்கிறது. புதிய வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்: விலை அதே 1000 ரூபாய், ஆனால் விற்பனை 5 டன். விலைப்பலகையில் இரு நாளும் ஒரே எண்தான். ஒரு நாளில் சந்தைக்கு வந்த பூ 3 டன், இன்னொரு நாளில் 5 டன். ஆகவே எந்தக் கோடு நகர்ந்தது என்பதற்கான சாட்சி அளவில்தான் இருக்கிறது: விலையும் அளவும் சேர்ந்து ஏறினால் தேவை நகர்ந்தது, விலை ஏறி அளவு இறங்கினால் அளிப்பு நகர்ந்தது. விலைச் செய்தியோடு வரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

இந்த வாசிப்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. மல்லிகை மொட்டு பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும். அதைச் சேமித்து வைத்து நாளை விற்பது கடினம். அதனால் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டால், பறித்து வந்த 4 டன்தான் அளிப்பு; கோடு செங்குத்தாக நின்றுவிடும். அன்று முகூர்த்தத் தேவை 2 டன் கூடினால் அளவு அசையாது, விலை மட்டும் 1400 ரூபாய்க்குப் போகும். பிற தோட்டத்துப் பூ வந்து சேரச் சில நாட்கள் கிடைத்தால்தான் அது 1000 ரூபாய்க்கு இறங்கும்.

மற்றொன்று தை மாதம். பனியும் விடவில்லை, முகூர்த்தமும் தொடங்கிவிட்டது. இரு கோடுகளும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. விலை ஏறும் என்று உறுதியாகச் சொல்லலாம். அளவு கூடுமா குறையுமா என்பது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. நம் படத்தில் இரண்டையும் 2 டன் நகர்த்திப் பாருங்கள்: விலை 1400 ரூபாய், அளவு முன்போலவே 4 டன். வரத்து மாறவில்லை என்பதால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இரு கோடுகளுமே இடம் மாறியிருக்கின்றன.