நோட்டீஸ் வந்த பிறகு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?
(மண்டபத்தில் மீன் ஏலக்காரர்களும் படகு உரிமையாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நாளைக்குப் படகு போகிற நாள், ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும் என்று சிலர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன்.

வருமான வரித் துறையிலிருந்து கடிதம் வந்தால் நம் ஆட்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் முதலில் கண்ணில் படுகிற ‘ஆடிட்டர்’ போர்டுக்குள் நுழைந்து, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இரண்டாவது ரகத்தைச் சேர்ந்த ஓர் ஏலக்காரரின் கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதித்துத்தான் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம்.

2024 ஜனவரியில் அவருக்கு 148A பிரிவின் கீழ் ஒரு நோட்டீஸ் வந்தது. 2019-20 நிதியாண்டில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 42 லட்சம் ரூபாய் ரொக்கமாகப் போடப்பட்டிருக்கிறது, நீங்கள் கணக்குத் தாக்கல் செய்யவில்லை, வழக்கை ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். துறைக்கு எப்படித் தெரிந்தது? சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் விழுந்தால் வங்கியே துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, பக்கத்து ஏலக்காரரை முறைக்காதீர்கள்.

நோட்டீஸ் வந்ததே அவருக்குத் தெரியாது. பான் கார்டை ஆதாரோடு இணைத்தபோது பிரவுசிங் சென்டர் தம்பி தன் மின்னஞ்சலையும் தன் செல்போன் எண்ணையும் போட்டுவிட்டான். அந்தத் தம்பி ஒருநாள் டீக்கடையில் பார்த்து, “அண்ணே, உங்களுக்கு என்னமோ வந்திருக்கு” என்று சொன்னபோது பதில் கொடுக்க ஒன்பது நாள்தான் பாக்கி. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள்: போர்ட்டலில் உங்கள் பெயருக்கு நேரே யார் செல் எண் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, இதற்கு ஆள் வைக்க வேண்டுமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா?

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண். 143(1) என்று இருந்தால் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் விவகாரம். நீங்கள் காட்டிய வட்டியும் வங்கி சொன்ன வட்டியும் ஒத்துப்போகவில்லை, பிடித்த வரியில் கொஞ்சம் விடுபட்டிருக்கிறது, இப்படி ஏதாவது. பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே முடித்துவிடலாம். 139(9), அதாவது தாக்கலில் குறை என்று வருவதும் முக்கால்வாசி அப்படித்தான். அதற்கெல்லாம் ஐந்தாயிரம் பத்தாயிரம் கொடுப்பது வீண். ஆனால் 148A, 148, 142(1), 143(2) என்று எண் இருந்தால், அங்கே கேட்பது கூட்டலை அல்ல. ‘இந்தப் பணம் யாருடையது, எப்படி வந்தது’ என்று உங்கள் வாழ்க்கையைக் கேட்கிறார்கள். அதற்கு எழுதுகிற ஒவ்வொரு வரியும் பின்னால் உங்களுக்கு எதிராகவோ உங்களுக்காகவோ நிற்கும். அங்கே ஆள் வேண்டும்.

எதற்கும் முன்னால், கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். 2019 அக்டோபரிலிருந்து துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். வருமான வரி போர்ட்டலின் முதல் பக்கத்திலேயே, உள்ளே நுழையாமலே, Authenticate Notice/Order Issued by ITD என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். அங்கே இல்லாத கடிதத்துக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது நம் ஏலக்காரரின் கணக்குக்கு வருவோம். 42 லட்சத்துக்கும் விளக்கம் சொல்ல முடியாமல் போனால், அந்த ஆண்டுக்கு 69A பிரிவின்படி அது கணக்கில் வராத பணம். வரி 60 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 78 சதவீதம். அதாவது 32,76,000 ரூபாய். வட்டியும் அபராதமும் தனி. படகையும் வீட்டையும் விற்றாலும் கட்ட முடியாத தொகை.

உண்மையில் அந்தப் பணம் என்ன? அதில் 3 லட்சம் நகைக்கடன் வாங்கி வந்து போட்டது. மீதி 39 லட்சமும் மீன் பணம். படகுக்காரர் கொண்டுவந்த இறாலையும் கணவாயையும் இவர் ஏலம் விடுவார். வியாபாரி மறுநாள் ரொக்கம் கொடுப்பார். அதை இவர் வங்கியில் போடுவார், எடுத்துப் படகுக்காரருக்குக் கொடுப்பார், நூற்றுக்கு 5 ரூபாய் கமிஷன் பிடித்துக்கொள்வார். 39 லட்சத்தில் கமிஷன் 1,95,000 ரூபாய். அந்த ஆண்டு 2,50,000 வரை வரியே கிடையாது. 32 லட்சமா, பூஜ்யமா என்பதற்கு நடுவில் இருந்தது ஏலத்தை எழுதி வைத்த ஒரு கட்டுச் சிட்டை மட்டும்தான்.

அவர் முதலில் போன இடத்தில், “எட்டாயிரம் கொடுங்க, முடிச்சுத் தர்றேன்” என்று சொன்னார்களாம். முடிப்பது என்றால் எதை? கேட்கவில்லை. சிட்டையை அவர்களும் கேட்கவில்லை. ‘மீன் விற்பனை வரவு’ என்று ஒரே வரி ஏற்றி, இணைப்பு ஒன்றும் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் வழக்கைத் திறக்கும் உத்தரவும் 148 நோட்டீஸும் வந்தன. திரும்பப் போனால், “அது வேற வேலை, இன்னும் பதினஞ்சு ஆகும்” என்று பதில். அடுத்து 44AD பிரிவில் 42 லட்சத்தையும் சொந்த விற்பனையாகக் காட்டி, 8 சதவீதம் லாபம் என்று தாக்கல் செய்யலாம் என்றும் யோசனை சொன்னார்கள். அந்த ஆண்டு இருந்த வரித் தள்ளுபடியால் வரி அப்போதும் வராதுதான். ஆனால் கமிஷன், தரகு வாங்குகிற தொழிலுக்கு 44AD பொருந்தாது. சொந்த விற்பனை என்று சொல்லிவிட்டால் கொள்முதல் ரசீது எங்கே என்று கேட்பார்கள். நகைக்கடனும் மீன் விற்பனை ஆகிவிடும்! அந்த இடத்தில்தான் அவருக்குச் சந்தேகம் வந்து, வரி வழக்குகளைப் பார்க்கிற என்னிடம் வந்தார்.

நான் அவரிடம் கேட்டு வாங்கியது அதிகமில்லை. நோட்டீஸின் முழு நகல், பின்னிணைப்போடு. பலர் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், துறைக்குக் கிடைத்த தகவல் இருப்பதே பின்னிணைப்பில்தான். முதலில் ஏற்றிய பதிலின் நகல். 2019 ஏப்ரல் 1 முதல் 2020 மார்ச் 31 வரை எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், பாஸ்புக் படம் அல்ல. நகைக்கடன் சீட்டு. பிறகு சிட்டை. சிட்டையின் அசல் அவரிடமே இருக்கட்டும் என்றேன். அவர் மகன் அதைப் பார்த்துத் தேதி, படகு, மீன், ஏலத்தொகை, கமிஷன் என்று கணினியில் ஏற்றினான். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் எழுதி, நான் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். நாளைக்கு, “நீங்க தரவே இல்லையே” என்று நான் சொல்ல முடியாது.

போர்ட்டல் பாஸ்வேர்டை வாங்கவில்லை. சார்ட்டர்ட் அக்கவுண்டன்டை உங்கள் கணக்கிலிருந்தே சேர்த்துக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. வழக்கறிஞரானாலும் வரி ஆலோசகரானாலும் உங்கள் சார்பில் பேச எழுத்தில் அதிகாரம் தர வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து, போனில் ஓடிபி, இவை மட்டும் கூடாது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நகைக்கடன் விஷயத்தை அவர் முதல் நாள் என்னிடம் சொல்லவில்லை. வீட்டுப் பெண்கள் நகை அடகு போன கதை வெளியே வேண்டாம் என்று நினைத்துவிட்டார். ஸ்டேட்மென்டில் மே மாதம் ஒரே நாளில் 3 லட்சம் நின்றது. மே மாதம் விசைப்படகு கடலுக்குப் போகவே போகாது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் பணம் என்று எழுதியிருந்தால் மானம் போயிருக்கும். வழக்கும் போயிருக்கும்.

அதே தடைக்காலம்தான் பிறகு எங்களுக்குப் பெரிய சாட்சியாக நின்றது. அந்த 61 நாளில் இந்த 3 லட்சத்தைத் தவிர ரொக்க வரவே இல்லை. மற்ற மாதங்களில் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மறுநாள் கரைக்கு வரும். அதை ஒட்டித்தான் வங்கியில் பணம் விழுந்திருக்கிறது. சிட்டைத் தேதியும் வங்கித் தேதியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. இந்த வழக்குகளை இப்போது முகம் தெரியாத அதிகாரி எங்கேயோ இருந்து கணினியில் பார்க்கிறார். அவருக்கு மண்டபமும் தெரியாது, படகு முறையும் தெரியாது. ஆகவே எழுதிக் காட்ட வேண்டும். “எனக்கு ஆபீசரைத் தெரியும், பேசிக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணத்தை எப்படிப் பேசினோம்? கடிதத்தைப் படித்து நிலைமை சொல்ல 1,000 ரூபாய். வேலை எடுத்தால் அதைக் கழித்துக்கொள்வது. 148-க்கான தாக்கலும் மதிப்பீட்டு உத்தரவு வரும்வரை எத்தனை கேள்வி வந்தாலும் பதிலும், தேவைப்பட்டால் ஒரு காணொலி விசாரணையும் சேர்த்து 20,000. அதில் 8,000 முன்பணம், மீதி உத்தரவு வந்த பிறகு, எப்படி வந்தாலும். மேல்முறையீடும் அபராத நடவடிக்கையும் இதில் சேராது என்று தனி வரியாக எழுதினோம். படகுக்காரர்களிடம் உறுதிக் கடிதம் வாங்குவது அவர் வேலை, வாசகம் எழுதித் தருவது என் வேலை. கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் காகிதம் என் கைக்கு வர வேண்டும். நான் ஏற்றும் ஒவ்வொரு பதிலின் நகலும் ஒப்புகைச் சீட்டும் அன்றைக்கே அவர் கைக்குப் போக வேண்டும். ஒரு பக்கத் தாள், இரண்டு கையெழுத்து. 20,000 என்பது என் கணக்கு. வேறொருவர் கூடவோ குறையவோ கேட்கலாம். ஆனால் எந்தக் கட்டம் வரைக்கும் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் எட்டாயிரமும் அதிகம்தான்.

“மிச்சம் பண்ணித் தர்ற வரியில 10 சதவீதம் தாங்க” என்று கேட்பவர்களும் உண்டு. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அப்படிப் பலனைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதை அவர்களுடைய 1949ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் விதி அதை அனுமதிப்பதில்லை. அப்படிக் கேட்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். நம் பக்கம் போர்டு மாட்டியவர் எல்லாம் ஆடிட்டர்தான். சார்ட்டர்ட் அக்கவுண்டன்டா, வழக்கறிஞரா, வரி ஆலோசகரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, உறுப்பினர் எண்ணைக் கேட்டால் சொல்வார்கள்.

2025 மார்ச்சில் உத்தரவு வந்தது. ஒரு படகுக்காரரின் 1,60,000 ரூபாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒருவர் மட்டும் உறுதிக் கடிதம் தரவில்லை. அதற்கு 78 சதவீதம், 1,24,800 ரூபாய். மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு, அரசுக் கட்டணம் 1,000 ரூபாய், என் கட்டணம் தனி. போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தார். புதிய ஆவணத்தை மேல்முறையீட்டில் சும்மா நீட்ட முடியாது, முன்னாலேயே ஏன் தர முடியவில்லை என்று காரணம் காட்ட வேண்டும். காரணம் இருந்தது. கடிதம் கேட்ட மாதங்களில் அந்தப் படகுக்காரர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார். விடுதலையாகி ஊர் வந்த மூன்றாம் நாள் அவரே நேரில் வந்து, என் மேசையில் உட்கார்ந்து, கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மேல்முறையீடு போட்டிருக்கிறோம். அதற்குத் தனித் தாள் எழுதி, தனிக் கட்டணம் பேசி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.